வாய்வா, பித்தப்பைக் கல்லா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நம் ஊர்ப் பக்கங்களில் மேல்வயிற்றில் எழும் வலிகளுக்கெல்லாம் ஒரே பெயர்தான் உண்டு. அது ‘வாய்வு’. நெஞ்சை அடைத்தாலும் வாய்வு; விலாவில் பிடித்தாலும் வாய்வு; முதுகில் குத்தினாலும் வாய்வுப் பிடிப்பு. மருந்தும் ஒன்றே. ஒரு சோடா, அல்லது ஓமத் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில் இரண்டு மூடி. சற்றே படித்தவர்கள் அதையே ‘கேஸ் டிரபிள்’ என்றும் ‘அசிடிட்டி’ என்றும் பெயர் மாற்றிச் சொல்கிறார்கள். பெயர் மாறினாலும் மருந்து மாறுவதில்லை.

பெரும்பாலான சமயங்களில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கிறது. ஆனால் இந்தப் பெயருக்குள் வேறொரு வலி ஒளிந்துகொண்டு, மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட வெளிப்படாமல் இருந்துவிடுவதுண்டு. அது பித்தப்பையில் கல் இருப்பதால் வரும் வலி. இதுவும் எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்று கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வருகிறது. இதுவும் மேல்வயிற்றில்தான் வருகிறது. அப்படியானால் இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? நாம் இரண்டாம் ஆண்டில் படிக்கும் உடலியங்கியல் பாடத்திலேயே இதற்கான விடையில் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால் அறிந்தேன். அதனை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பித்தப்பையின் வேலையைப் பார்ப்போம். நம் கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. அது இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும். நாமோ நாள் முழுவதும் உண்டுகொண்டே இருப்பதில்லை. ஆகவே உணவில்லாத வேளையில் ஊறும் பித்தநீரை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு பை தேவைப்படுகிறது. கல்லீரலின் அடியில், வலப்பக்க விலா எலும்புகளின் விளிம்புக்குக் கீழே, ஒரு சிறிய பேரிக்காய் வடிவத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். அவ்வளவு சிறிய பை அவ்வளவு பித்தநீரை எப்படிக் கொள்ளும் என்று கேட்கலாம். தன் சுவர் வழியே தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் பித்தநீரைப் பல மடங்கு செறிவாக்கி வைத்துக்கொள்கிறது. இப்படிச் செறிவாக்கும் திறன்தான் பின்னர் கல் உண்டாவதற்கும் வழி செய்துவிடுகிறது. பாகு முற்றினால் சர்க்கரை படிவது போல, கரைந்திருக்க வேண்டிய பொருள் கரைசலைவிட்டுப் பிரிந்து படிகிறது.

இடையில் விலங்கியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்கு இல்லை. குதிரைக்கும் இல்லை. பகல் முழுவதும் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டேயிருக்கும் குதிரைக்குச் சேமித்து வைக்கும் பை எதற்கு என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் சுண்டெலியும் எலியும் ஏறக்குறைய ஒரே வகையாகத் தின்பவை. ஆகவே அவ்விளக்கம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.

இனி உணவுக்கு வருவோம். கொழுப்புள்ள உணவு இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலுக்குள் நுழைந்ததும், அங்குள்ள சுவரின் செல்கள் ‘கோலிசிஸ்டோகைனின்’ என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. 1928ஆம் ஆண்டில் ஐவி, ஓல்ட்பெர்க் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்து பெயரிட்டனர். பித்தப்பையை இயக்குவது என்பதே அப்பெயரின் பொருள். இந்த ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. அதே வேளையில், பித்தநாளம் குடலில் திறக்கும் வாயில் உள்ள சுருக்குத் தசையைத் தளர்த்துகிறது. அத்தசைக்கு ஓடி என்பவரின் பெயர் வழங்கி வருகிறது. ருஜ்ஜெரோ ஓடி 1887ஆம் ஆண்டில் அதனை விவரித்து எழுதியபோது இத்தாலியில் மருத்துவ மாணவராகவே இருந்தார் என்பது மாணவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வாயில் திறக்க, பை சுருங்க, செறிந்த பித்தநீர் குடலில் பாய்ந்து கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைக்கிறது. நலமாக இருப்பவர்க்கு இத்தனையும் நடப்பது தெரிவதே இல்லை.

பையினுள் கல் இருந்தால் என்ன ஆகும்? பை சுருங்கும்போது கல்லும் பித்தநீரோடு கழுத்துப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. அங்கிருந்து புறப்படும் குழாய் மிகக் குறுகியது. கல் அந்த வாயில் பொருந்தி அடைத்துக்கொண்டால், பை சுருங்கச் சுருங்க உள்ளே அழுத்தம் ஏறுகிறது, சுவர் விறைக்கிறது, வலி எழுகிறது. ஹார்மோனின் வேகம் அடங்கிப் பை தளரும்போது கல் மீண்டும் உள்ளே நழுவி விழுந்துவிடும். உடனே வலியும் நீங்கும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடவாதது போல இருக்கும். கல் போகவில்லை, இடம் மாறி இருக்கிறது, அவ்வளவே.

இந்த அளவில் நிறுத்திவிட்டால், ‘கொழுப்பு உண்டபின் வலித்தால் கல், இல்லையேல் அமிலம்’ என்று எளிதாக முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பொருந்தாது. காரணம், அதே கொழுப்பும் அதே ஹார்மோனும் அமிலத் தொல்லையையும் வளர்க்கின்றன. கோலிசிஸ்டோகைனின் இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. உணவு நெடுநேரம் தங்கி வயிறு உப்பலாகிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் அமிலம் மேலேறாமல் காக்கும் தசையையும் அது தளர்த்திவிடுகிறது. ஆகவே இரவில் பிரியாணி உண்டு படுத்தவர்க்கு நெஞ்சு எரிந்தால், அதற்கும் இதே ஹார்மோன் ஒரு காரணம். உண்ட உணவை வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது. எண்ணெய்ப் பண்டம் உண்டால் வயிறு உப்பி ஏப்பம் வருவது கல் இல்லாதவர்களுக்கும் மிகச் சாதாரணம்.

வலிக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். பித்தப்பை வலப்புறம் இருப்பதால் வலி வலப்புறம்தான் வர வேண்டும் என்று எண்ணுகிறோம். ஆனால் கருவில் இரைப்பை, கல்லீரல், பித்தப்பை எல்லாம் முன்குடல் என்னும் ஒரே குழாயிலிருந்து தோன்றியவை. அவற்றின் வலியைச் சுமக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஏறக்குறைய ஒரே கண்டங்களில் போய்ச் சேருகின்றன. மூளைக்கு வந்து சேரும் செய்தி, ‘மேல்வயிற்றில் எங்கோ’ என்பதுதான். எனவே பித்தப்பைக் கல் வலி நடு மேல்வயிற்றில், அதாவது நாம் ‘நெஞ்சுக் குழி’ என்று சொல்லும் இடத்தில், தோன்றுவது மிகவும் சகஜம். வலப்புற விலாவுக்கடியில் தோன்றுவதும் உண்டு. அங்கிருந்து முதுகுப்புறம் சென்று வலத் தோள்பட்டை எலும்பின் கீழே தங்குமானால் அது நல்ல அடையாளம். அப்படிச் செல்லாததனால் கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உணவும் இடமும் முழுச் சான்று தரவில்லை. பின் எதை நம்புவது? கடிகாரத்தை நம்பலாம் என்பதே என் பதில். வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு விரைவில் உச்சம் அடைந்தது, உச்சத்தில் எவ்வளவு நேரம் நின்றது, எப்படி முடிந்தது, அடுத்தது எத்தனை நாள் கழித்து வந்தது என்ற ஐந்தும் தெரிந்தால், பெரும்பாலும் இரண்டும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. இதனை எங்கள் வீட்டிலேயே இருவரிடம் காண நேர்ந்தது. ஒருவர் என் தந்தை. மற்றவர் அடுத்த வீட்டில் வாழும் என் பெரியம்மா.

அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். அவருக்கு நெஞ்செரிச்சல் பல ஆண்டுகளாக உண்டு. மாலையில் கடையில் இரண்டு வடையும் தேநீரும் சாப்பிட்டால், அரை மணி நேரத்துக்குள் நெஞ்செலும்புக்குப் பின்னால் எரியத் தொடங்கும். குனிந்து மூட்டையைத் தூக்கும்போது புளித்த நீர் தொண்டைவரை எதுக்களித்து வரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். இளஞ்சிவப்புத் திரவத்தைக் குடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எரிச்சல் அடங்கும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி தலைகாட்டும். வாரத்தில் ஐந்து நாளாவது இது உண்டு. எரிச்சல் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனால் அதற்காக அவர் ஒரு நாளும் வேலையை விட்டதில்லை.

பெரியம்மாவுக்கு வயது 46. அவருக்கும் காலையில் புளித்த ஏப்பம் வருவதுண்டு. ஒரு நாள் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில் இரவு எட்டரை மணிக்கு ஆட்டிறைச்சி பிரியாணி சாப்பிட்டு வந்து பத்து மணிக்குப் படுத்தார். பதினொன்று பத்துக்கு வலி அவரை எழுப்பிவிட்டது. இருபது நிமிடத்தில் உச்சத்தை எட்டியது. அதன்பின் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரே அளவில் இறுக்கிப் பிடித்தபடி நின்றது. எரிகிறதா என்று கேட்டபோது, “எரியலை பாப்பா, உள்ளே வெச்சு முறுக்குற மாதிரி இருக்கு” என்றார். படுத்துப் பார்த்தார், குப்புறக் கவிழ்ந்து பார்த்தார், வாசலில் நடந்து பார்த்தார். எந்த நிலையிலும் வலி குறையவில்லை. சோடா குடித்து ஏப்பம் விட்டார். ஒருமுறை வாந்தியும் எடுத்தார். அவற்றாலும் பயனில்லை. வலது தோள்பட்டைக்குக் கீழே கையை வைத்து அழுத்தச் சொன்னார். இரவு இரண்டரை மணியளவில், சுமார் பத்து நிமிடத்தில், வலி தானே விட்டுப் போயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குச் சென்றார். மொத்தம் மூன்று மணி இருபது நிமிடம் என்று என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

மருந்துக் கடையில் விவரம் சொன்னபோது, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் மாத்திரையைக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள். புளித்த ஏப்பம் ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது. எல்லாரும் நோய் தீர்ந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் முதல் வலிக்குப் பத்தொன்பதாம் நாள், மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள், ஞாயிறு மதிய உணவுக்குப் பின் மூன்று மணிக்கு அதே வலி வந்து நாலே முக்கால் வரை நின்றது. அமிலம் அடங்கியிருந்த காலத்திலேயே இந்த வலி வந்ததால், இது அமிலத்தால் வந்தது என்பது மிகவும் ஐயத்துக்குரியதாயிற்று. ஒரே உடம்பில் இரண்டு தொல்லைகள் இருந்திருக்கின்றன; மாத்திரை ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றொன்றைத் தொடவே இல்லை. மூன்றாவது வலி மேலும் நாற்பது நாள் கழித்து வந்தது. அன்று இரவு அவர் உண்டது நான்கு இட்லிதான். இரவு ஒரு மணிக்குத் தொடங்கி விடியும் முன் முடிந்தது. கொழுப்பே உண்ணாத நாளிலும் இவ்வலி வருவதுண்டு என்பதை அது காட்டியது.

மருத்துவ நூல்களில் இந்த வலிக்கு ‘கோலிக்’ என்று பெயர் வழங்குகிறது. அச்சொல் விட்டு விட்டு வரும் பிடிப்பு வலியைக் குறிப்பது. குடல் பிடிப்பு அப்படித்தான் அலையலையாக வரும். பித்தப்பை வலியோ ஏறி, நிலையாக நின்று, பிறகு இறங்குவது. ஆகவே பெயரே சற்றுப் பிழையானது. வல்லுநர் குழுக்கள் வகுத்துள்ள அடையாளங்களும் இந்தக் கடிகாரத்தையே பேசுகின்றன: வலி குறைந்தது அரை மணி நேரமாவது நீடிக்கும், ஏறி ஒரு நிலையில் நிற்கும், நாள்தோறும் வராமல் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வரும், செய்யும் வேலையை விடச் செய்யும் அளவுக்குக் கடுமையாக இருக்கும், மலம் கழித்தாலும், படுக்கும் நிலையை மாற்றினாலும், அமில மருந்து குடித்தாலும் சொல்லத்தக்க அளவு குறையாது. சாதாரணமாக ஆறு மணி நேரத்தைத் தாண்டாது. ஐந்தே நிமிடம் சுருக்கென்று குத்திப் போகும் வலியும், காலை முதல் மாலை வரை நாள்தோறும் விடாதிருக்கும் மந்தமான வலியும் இக்கணக்கில் சேரா.

மூன்றாவது வலிக்குப் பின் பெரியம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். குறிப்பேட்டைப் பார்த்த மருத்துவர் முதலில் செய்யச் சொன்னது வயிற்றுப் பரிசோதனை அன்று, இ.சி.ஜி. எனக்கு அது வியப்பாக இருந்தது. இதயத்தின் அடிப்பகுதியில் ஏற்படும் மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் மட்டுமே தோன்றக்கூடும் என்று விளக்கினார். நாற்பது வயதைக் கடந்தவர்க்கு, அதிலும் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்க்கு, மேல்வயிறு இறுகி வியர்த்துக் கொட்டினால் அதனை வாய்வு என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம். அங்கே முதல் கேள்வி கல்லா அமிலமா என்பதன்று, இதயமா என்பதுதான்.

இ.சி.ஜி. நன்றாக இருந்தது. பிறகு மருத்துவர் வலப்புற விலா விளிம்பின் கீழே விரல்களை வைத்து அழுத்தி, மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது கல்லீரல் கீழே இறங்கும். அதனோடு பித்தப்பையும் இறங்கி விரலில் படும். பை அழற்சியுற்றிருந்தால் நோயாளி வலி தாங்காமல் பாதி மூச்சில் நிறுத்திவிடுவார். சிக்காகோ நகர அறுவை மருத்துவர் மர்ஃபியின் பெயரால் இச்சோதனை வழங்குகிறது. பெரியம்மா முழு மூச்சும் இழுத்தார். கல் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. பையில் அந்நேரம் கடும் அழற்சி இருப்பதாகத் தெரியவில்லை என்பதே பொருள்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்க வரச் சொன்னார்கள். ஏன் வெறும் வயிறு என்பது இப்போது நமக்கே விளங்கும். காலையில் பாலோ காப்பியோ குடித்தால் பித்தப்பை சுருங்கி வெறுமையாகிவிடும். சுருங்கிய பைக்குள் கல்லைத் தேடுவது கடினம். ஆறு மணி நேரமாவது பட்டினியிருந்தால் பை நிறைந்து விரிந்திருக்கும். நிறைந்த பையில் பித்தநீர் கருமையாகவும், கல் வெண்மையாகவும், கல்லுக்குப் பின்னால் ஒலியலை புகாத நிழல் ஒன்றும் திரையில் தெரியும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் கல்லும் உருளும். பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த எளிய சோதனை இல்லை. எக்ஸ்ரே இதற்குப் பெரிதும் உதவாது. பித்தப்பைக் கற்களுள் எக்ஸ்ரேயில் தெரியுமளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உள்ளவை சிலவே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் நான் ஒருத்திதான் ஆகையால், ஸ்கேன் அறிக்கை நேரே என் கைக்கு வந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல கற்கள், பெரியது 11 மில்லிமீட்டர். பித்தப்பைச் சுவரின் தடிப்பு 2.4 மில்லிமீட்டர்; 3க்குள் இருந்தால் இயல்பு. பொதுப் பித்தநாளத்தின் அகலம் 4 மில்லிமீட்டர்; 6 வரை இயல்பு. அதாவது கல் பையினுள் இருக்கிறது, சுவர் வீங்கவில்லை, நாளத்தில் அடைப்பு ஏற்பட்ட அறிகுறி இல்லை. நாளத்தில் விழுந்த கல்லை இந்த ஸ்கேன் சில வேளைகளில் தவறவிடும் என்பதால், கல்லீரல் தொடர்பான இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். அதுவும் சரியாகவே இருந்தது.

பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இது: “கல்லுதானே பாப்பா, வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கரைஞ்சிடாதா?” சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியத்தை இதற்கும் சொல்வது நம் பக்கத்து வழக்கம். ஆனால் நாம் குடிக்கும் தண்ணீர் சிறுநீராகச் சிறுநீரகம் வழியே போகிறதே தவிர, பித்தப்பை வழியே போவதில்லை. கல்லின் பொருளும் வேறு. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் உப்பால் ஆனது. பித்தப்பைக் கல்லோ கொலஸ்ட்ராலாலோ, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் நிறமியாலோ, இரண்டும் கலந்தோ ஆனது. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அதிகம் என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். கற்களைக் கரைக்கும் பித்த அமில மாத்திரை ஒன்று உண்டு. அது சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டும், அதுவும் பல மாதங்களில், கரைக்க வல்லது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு மீண்டும் கல் உண்டாகிறது. நிறமிக் கல்லை அது தொடாது.

வேறொரு உறவினர், எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் நிறையக் குடித்தால் கற்கள் மலத்தில் வந்துவிடும் என்றார். வந்ததைக் கண்ணால் கண்டவர் உண்டு என்றும் சொன்னார். பச்சை நிறத்தில் மெத்தென்ற உருண்டைகள் வருவது உண்மையே. 2005ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அத்தகைய உருண்டைகளைச் சோதித்து எழுதியிருந்தார்கள். அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை. குடித்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களே குடலில் திரண்டு சோப்பு போல உறைந்திருந்தன. நம் வேதியியல் ஆய்வகத்தில் எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் சோப்பு செய்கிறோமே, ஏறக்குறைய அதே வேலை. கல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதோடு அவ்வளவு எண்ணெய் குடலில் இறங்கினால் ஹார்மோன் மிகுந்து சுரந்து, பை வேகமாகச் சுருங்கிக் கல்லைக் கழுத்தில் தள்ளும் அபாயமும் உண்டு.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் பித்தப்பை வலியைக் குறைக்கும். மருத்துவமனையிலேயே அதன் ஊசியைப் போடுகிறார்கள். ஆனால் அதே மருந்து இரைப்பையில் புண் உள்ளவர்க்கு அப்புண்ணைக் கிளறி இரத்தக் கசிவையே உண்டாக்கலாம். ஒரு நோய்க்கு நல்லது மற்றதற்கு நஞ்சு. எது என்று தெரியுமுன் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

கல் கழுத்தில் வந்து வந்து நழுவிப் போகும்வரை துன்பம் சில மணி நேரத்தோடு முடிகிறது. நழுவாமல் இறுகிவிட்டால் நிலைமை வேறு. ஆறு மணி நேரம் கடந்தும் வலி விடாமல், காய்ச்சலும் சேர்ந்து, வலப்புறம் தொட்டாலே வலிக்குமானால் பை அழற்சியுற்றிருக்கிறது. கல் பையைவிட்டு நாளத்தில் விழுந்து அடைத்தால் கண் மஞ்சளாகும். சிறுநீர் கட்டைத் தேநீர் நிறத்தில் போகும். மலம் களிமண் போல வெளுக்கும். இவற்றோடு நடுக்கும் குளிர்காய்ச்சலும் வந்தால் நாளத்தில் சீழ் பிடிக்கிறது என்று பொருள்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கணையநாளத்தின் வாயை அடைத்தால் கணையம் வீங்கி, வலி நடுவயிற்றிலிருந்து முதுகுக்குப் பட்டை கட்டியது போல ஊடுருவும். மஞ்சள் காமாலை என்றதும் பச்சிலை வைத்தியத்துக்கு ஓடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வலியும் குளிர்காய்ச்சலும் கூடிய காமாலைக்கு அங்கே செலவழிக்க நேரம் கிடையாது.

அமிலத் தொல்லையிலும் அஞ்சத்தக்க அடையாளங்கள் உண்டு: கறுப்பாகத் தார் போல மலம் போவது, இரத்த வாந்தி, விழுங்கும்போது உணவு தடைப்படுவது, காரணமின்றி உடல் மெலிவது. இவை இருந்தால் திரவ மருந்தை நிறுத்திவிட்டு உள்நோக்கிக் குழாய்ச் சோதனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடலாகாது. பித்தப்பையில் கல் உள்ளவர்களுள் பெரும்பாலோர்க்கு, ஐந்தில் நால்வர் என்னும் அளவுக்கு, வலியே வருவதில்லை. இப்போது எதற்காகவோ ஸ்கேன் எடுத்தால்கூடக் கல் தெரிந்துவிடுகிறது. என் தந்தைக்கு நாளை ஸ்கேன் எடுத்து ஒரு கல் தென்பட்டால், அவருடைய நெஞ்செரிச்சலுக்கு அக்கல்லே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வலியில்லாத கல்லுக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை. எரிச்சலுக்காகப் பித்தப்பையை எடுத்துவிட்டால், எரிச்சல் அப்படியே இருக்கும், பைதான் போயிருக்கும். ஸ்கேன் கல்லைக் காட்டும்; வலி கல்லுடையதா என்று சொல்வதற்கு நோயாளியின் வாய்ச்சொல்லும் கடிகாரமும்தான் வேண்டும்.

பெரியம்மாவின் வலி ஐயமின்றிக் கல்லுடையதாகவே இருந்தது. வலி ஒருமுறை வரத் தொடங்கினால் மீண்டும் வருவதே வழக்கம் என்பதால் அறுவைக்கு நாள் குறித்தார்கள். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா என்று வீட்டில் கேட்டார்கள். பை இருக்கும்வரை அதில் மறுபடி கல் படியும். ஆகவே பையையே எடுப்பதுதான் முறை. 1882ஆம் ஆண்டு பெர்லினில் லாங்கன்பூக் என்னும் மருத்துவர் முதன்முதலில் வயிற்றைக் கீறிப் பித்தப்பையை அகற்றினார். 1985ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மூஹே என்பவர் பெரிய கீறல் இல்லாமல், சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்தி அதைச் செய்தார். பெரியம்மாவுக்கும் துளை வழியாகவே செய்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். எடுத்த கற்களை ஒரு சிறு புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகைவிடச் சற்றுப் பெரியவை பதினான்கு, கருமை கலந்த பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று உரசி முகம் தேய்ந்து இருந்தன.

பை இல்லாதவருக்குக் கொழுப்பு செரிக்குமா என்பது அடுத்த கவலை. கல்லீரல் முன்போலவே பித்தநீரைச் சுரக்கிறது. இப்போது சேமிக்காமல் சிறிது சிறிதாக நேரே குடலில் விடுகிறது, குதிரைக்கு நடப்பது போல. முதல் சில வாரங்கள் எண்ணெய் மிகுந்தால் சிலருக்கு வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பெரியம்மாவுக்கு அறுவையாகி எட்டு மாதம் ஆகிறது. இரவில் எழுப்பும் அந்த வலி அதன்பின் வரவில்லை. காலையில் புளித்த ஏப்பம் மட்டும் மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் மறுபடி வந்துவிட்டது. அது வருமென்று மருத்துவர் அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தார். அதற்கு இப்போது இரவு உணவை ஏழரை மணிக்கே முடித்துக்கொள்கிறார். படுக்கையின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கற்களை வைத்திருக்கிறார். அப்பாவின் கட்டிலுக்கும் இரண்டு வைத்தாயிற்று.